ஓடைக்கரை நிலத்தின் பரப்பு: சம இடைவெளியில் அளப்பதா, வளைவுக்கு வளைவு அளப்பதா?

மூன்று பக்கம் நேர் வரப்பு, நாலாவது பக்கம் ஓடை. இப்படி ஒரு நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதோ, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கும்போதோ சண்டை வருவது எப்போதும் அந்த நாலாவது பக்கத்தில்தான். நேர் வரப்புள்ள பகுதியில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. நாலு பக்கத்தையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளந்தால் இரண்டு முக்கோணம் கிடைத்துவிடும். ஓடைக்கு அருகே ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கும் கரைக்கும் நடுவே மிஞ்சுகிற கோணல் பட்டையைத்தான் எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த நேர்கோடுதான் சங்கிலிக் கோடு. இரண்டு முனையிலும் முளை அடித்து, நடுவில் கம்பு நட்டு நேர் பார்த்து, சங்கிலியோ டேப்போ இழுத்துப் போடுவது. கோட்டில் ஓரிடத்திலிருந்து கரைவரை செங்குத்தாக எடுக்கும் அளவு ஆப்செட். அடுத்தடுத்த இரண்டு ஆப்செட்டுக்கு நடுவே உள்ள துண்டை ஒரு சரிவகமாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டு ஆப்செட்டையும் கூட்டி, பாதியாக்கி, அவற்றின் இடைத்தூரத்தால் பெருக்கினால் அந்தத் துண்டின் பரப்பு. எல்லாத் துண்டையும் கூட்டினால் பட்டையின் பரப்பு. சரிவக விதி என்பது இவ்வளவுதான்.

இதை நடைமுறையில் நாலு விதமாகச் செய்கிறார்கள். எல்லா ஆப்செட்டையும் கூட்டிச் சராசரி எடுத்து நீளத்தால் பெருக்குவது ஒன்று. 20 மீட்டருக்கு ஒன்று என்று சம இடைவெளியில் ஆப்செட் எடுத்துச் சரிவக விதி போடுவது இரண்டாவது. அதே சம இடைவெளி அளவுகளுக்குச் சிம்ப்சன் விதி போடுவது மூன்றாவது. கரை எங்கெங்கே திரும்புகிறதோ அங்கங்கே மட்டும் ஆப்செட் எடுத்து, இடைவெளி எப்படி வருகிறதோ அப்படியே சரிவகம் போடுவது நாலாவது. ஐந்தாவதாகச் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடப்பதும் இப்போது உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடைக்கரை மாதிரி திடீர் திடீரென்று திரும்பும் எல்லைக்கு நாலாவது முறைதான். ஏன் என்பது ஒரே நிலத்தில் எல்லா முறையையும் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

சங்கிலிக் கோட்டின் நீளம் 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கரை முதல் முனையில் கோட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. அப்புறம் வெளியே போகிறது, நடுவில் குறுகலாக உள்ளே வருகிறது, மறுபடி வெளியே போய்க் கடைசியில் உள்ளே திரும்புகிறது. திருப்பங்களில் எடுத்த அளவுகள் கீழே. எல்லாம் மீட்டரில், கணக்கு எளிதாக இருக்க எண்களை நானே அமைத்திருக்கிறேன்.

| கோட்டில் தூரம் | ஆப்செட் |
|---|---|
| 0 | 6.0 |
| 14 | 7.4 |
| 28 | 14.4 |
| 46 | 16.2 |
| 56 | 9.2 |
| 70 | 10.6 |
| 76 | 17.2 |
| 92 | 18.8 |
| 104 | 11.6 |
| 120 | 8.4 |

முதல் துண்டு: 6.0-ம் 7.4-ம் சேர்ந்து 13.4, பாதி 6.7, இடைத்தூரம் 14, ஆக 93.8 சதுர மீட்டர். இரண்டாவது துண்டு: 7.4-ம் 14.4-ம் சேர்ந்து 21.8, பாதி 10.9, இடைத்தூரம் 14, ஆக 152.6. இப்படியே ஒன்பது துண்டையும் போட்டால் 275.4, 127, 138.6, 83.4, 288, 182.4, 160 என்று வந்து, மொத்தம் 1501.2 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் இது 37.1 சென்ட். திருப்பத்துக்குத் திருப்பம் கரை நேராகப் போகிறது என்று கொண்டால் இதுதான் உண்மையான பரப்பு. மற்ற முறைகளை இதோடு ஒப்பிடலாம்.

அதே கரையை 20 மீட்டருக்கு ஒரு ஆப்செட் என்று எடுத்தால் ஏழு அளவு வரும்: 6.0, 10.4, 15.6, 9.6, 17.6, 14.0, 8.4.

முதலில் சராசரி. ஏழும் சேர்ந்து 81.6, ஏழால் வகுத்து 120-ஆல் பெருக்கினால் சுமார் 1399 சதுர மீட்டர். அதாவது 34.6 சென்ட். இரண்டரை சென்ட் காணாமல் போய்விட்டது. காரணம் எளிது. ஓரத்து ஆப்செட் இரண்டும் பாதித் துண்டுக்கு மட்டுமே பொறுப்பு. நடுவில் உள்ளவை முழுத் துண்டுக்குப் பொறுப்பு. சராசரி எடுக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறோம். ஓரத்தில் நிலம் குறுகலாக இருந்தால் பரப்பு குறையும், அகலமாக இருந்தால் கூடும். இந்த முறையை யோசிக்காமல் விட்டுவிடலாம். சரிவக விதிக்கு இதைவிட ஒரே ஒரு படிதான் கூடுதல் வேலை.

சம இடைவெளிச் சரிவகம்: ஓரத்து இரண்டின் பாதி 7.2, நடு ஐந்தின் கூடுதல் 67.2, ஆக 74.4. இதை 20-ஆல் பெருக்கினால் 1488 சதுர மீட்டர், 36.8 சென்ட். உண்மையைவிட 13 சதுர மீட்டர், சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பரவாயில்லையே என்று தோன்றும். துண்டு துண்டாகப் பார்த்தால்தான் உள்விஷயம் தெரியும்.

முதல் 20 மீட்டரில் கரை கோட்டின் பக்கமாக உள்வாங்கி இருக்கிறது. இரண்டு முனையையும் நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு கரைக்கு வெளியே ஓடையில் போகிறது. அங்கே 16.8 சதுர மீட்டர் அதிகமாகக் கணக்காகிவிட்டது. 80-க்கும் 100-க்கும் நடுவில் நேர்மாறு. கரை 92-இல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. நேர்கோடு அந்தத் துருத்தலை வெட்டி எறிகிறது. அந்த ஒரு துண்டில் மட்டும் 33.6 சதுர மீட்டர், முக்கால் சென்ட்டுக்கு மேல் போச்சு. ஆறு துண்டையும் சேர்த்துப் பார்த்தால் கூடினது 47.6, குறைந்தது 60.8. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டதால்தான் கடைசியில் 13 மட்டும் மிஞ்சியது. கரை நெளிந்து நெளிந்து போனால் இந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் கிடைக்கும். நிலம் முழுக்க ஒரே பக்கமாக வெளியே வளைந்திருந்தால் கிடைக்காது: எல்லாத் துண்டும் குறைவாகவே வரும், பிழை சேர்ந்துகொண்டே போகும். அதனால் பாகப் பிரிவினையில் ஒருவர் வெளி வளைவுப் பக்கத்தையும் இன்னொருவர் உள் வளைவுப் பக்கத்தையும் எடுத்தால், மொத்தம் சரியாக இருந்தும் ஒருவருக்கு நஷ்டம், ஒருவருக்கு லாபம்.

இடைவெளியைப் பாதியாக்கினால்? 10 மீட்டருக்கு ஒன்று என்று 13 ஆப்செட் எடுத்துப் பார்த்தால் வருவது 1490 சதுர மீட்டர். ஆறு அளவு கூடுதலாக எடுத்தும் இரண்டே சதுர மீட்டர்தான் முன்னேற்றம். திருப்பங்களில் எடுத்தபோது மொத்தம் பத்தே ஆப்செட்தான், பிழையும் இல்லை. எத்தனை ஆப்செட் எடுக்கிறோம் என்பதைவிட எங்கே எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

சிம்ப்சன் விதி கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய ஆள். பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் பலருக்கு அது சரிவகத்தைவிட உயர்ந்தது என்ற எண்ணம் உண்டு. பாடப்புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. பின்னால் வருவது அதிகத் துல்லியம் என்றும் எழுதியிருக்கிறது. அது வழவழப்பான வளைவுக்கு உண்மை. சரிவகம் இரண்டு புள்ளியை நேர்கோட்டால் இணைக்கிறது. சிம்ப்சன் மூன்று புள்ளி வழியாக ஒரு பரவளையத்தைச் செலுத்துகிறது. அதற்கு இரண்டு நிபந்தனை: இடைவெளி எல்லாம் சமமாக இருக்க வேண்டும், துண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப் படையாக இருக்க வேண்டும். நம் கணக்கில் ஆறு துண்டு, அதனால் போடலாம்.

விதிப்படி ஓரத்து இரண்டையும் அப்படியே (14.4), ஓரத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றான 10.4, 9.6, 14.0 மூன்றையும் நான்கு மடங்காக (136), மிச்சம் 15.6, 17.6 இரண்டையும் இரண்டு மடங்காக (66.4) கூட்டினால் 216.8. அதை 20/3-ஆல் பெருக்கினால் 1445 சதுர மீட்டர், 35.7 சென்ட். உண்மையைவிட 56 சதுர மீட்டர் குறைவு! அதே அளவுகளுக்குச் சரிவகம் 13-தான் தவறியது. உயர்ந்தது என்று நினைத்த விதி நாலு மடங்குக்கு மேல் மோசம்.

எங்கே போனது என்று தேடினால் 40 முதல் 80 வரை உள்ள பகுதியில் சிக்கும். அங்கே மூன்று ஆப்செட்: 15.6, 9.6, 17.6. உண்மையில் கரை 56-லிருந்து 70 வரை மட்டும் உள்ளே வந்துவிட்டு, ஆறே மீட்டரில் விறுவிறுவென்று வெளியே போய்விடுகிறது. சிம்ப்சனுக்கு இது தெரியாது. மூன்று புள்ளியையும் தொட்டுக்கொண்டு 40 மீட்டர் நீளத்துக்கும் ஒரு பெரிய தொட்டில் மாதிரி வளைத்துவிடுகிறது. அந்தப் பகுதியின் உண்மைப் பரப்பு 514. சிம்ப்சன் தருவது 477. நடுப்புள்ளிக்கு நான்கு மடங்கு எடை இருப்பதால், குறுகலான இடம் தற்செயலாக 60-இல் வந்ததற்கு இவ்வளவு விலை. அந்தக் குறுகல் 40-லோ 80-லோ அமைந்திருந்தால் எடை பாதிதான். விடை வேறு பக்கம் போயிருக்கும். ஓடை எங்கே திரும்பியது என்பதை விட்டுவிட்டு, நாம் எங்கே முளை அடித்தோம் என்பது பரப்பை முடிவு செய்யக்கூடாது.

சரி, சிம்ப்சனே வேண்டாமா? ஏரிக்கரை, ரயில் பாதை, வாய்க்கால் வளைவு மாதிரி மண் போட்டு ஒழுங்காக வளைத்துக் கட்டிய எல்லைக்கு அது நல்ல விதி. அங்கே திடீர்த் திருப்பம் இருக்காது. சரிவகம் எல்லாத் துண்டிலும் ஒரே பக்கமாகத் தவறும். சிம்ப்சன் அதைச் சரி செய்யும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்: கரையில் எங்கேயாவது நின்று "இங்கேதான் திரும்புகிறது" என்று விரலால் காட்ட முடிந்தால் சிம்ப்சன் வேண்டாம். காட்ட முடியாமல் முழுக்க மெதுவாக வளைந்துகொண்டே போனால் போடலாம்.

இனி வளைவுக்கு வளைவு அளக்கும் முறையின் குறைகளையும் பார்க்க வேண்டும். அதன் பலமும் பலவீனமும் ஒன்றே: எல்லாம் அளப்பவர் கண்ணை நம்பி இருக்கிறது. மேலே உள்ள பட்டியலில் 92-இல் உள்ள திருப்பத்தை ஒருவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று வையுங்கள். முள்ளுப்புதர் மறைத்திருக்கும். 76-லிருந்து நேராக 104-க்குச் சரிவகம் போட்டால் 403.2 வரும், வர வேண்டியது 470.4. ஒரே ஒரு திருப்பம் விட்டுப்போனதில் 67 சதுர மீட்டர், ஒன்றரைச் சென்ட்டுக்கு மேல் போய்விடும். சம இடைவெளியின் மொத்தப் பிழையைவிட இது ஐந்து மடங்கு. அளக்கப் பழகாத ஆளை அனுப்பி அளந்து வரச் சொல்வதானால், 10 மீட்டருக்கு ஒன்று என்று சொல்லி அனுப்புவதே மேல். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை; விட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும்.

நீங்களே அளப்பதாக இருந்தால் இதைத் தடுக்க ஒரு கயிறு போதும். முதலில் கரையோரமாக நடந்து, திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு குச்சி நடுங்கள். பிறகு அடுத்தடுத்த இரண்டு குச்சிக்கு நடுவே கயிற்றை விறைப்பாகப் பிடித்துப் பாருங்கள். கயிற்றுக்கும் கரைக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அங்கே இன்னொரு குச்சி. இந்த ஒரு சாண் எவ்வளவு பிழை தரும் என்பதையும் சொல்லிவிடலாம்: கயிற்றின் நீளத்தை இடைவெளியால் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு. 16 மீட்டர் கயிறு, நடுவில் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சுமார் 2 சதுர மீட்டர். அதை விட்டுவிடலாம். அரை மீட்டர் இடைவெளி என்றால் 5 சதுர மீட்டரைத் தாண்டும். அப்படி நாலு இடம் இருந்தால் அரைச் சென்ட்.

இன்னொரு விஷயம், இரண்டு முறைக்கும் செங்கோணம் பார்க்கும் விதமே வேறு. சம இடைவெளியில் கோட்டின் மேல் உள்ள புள்ளி தெரியும்; அங்கிருந்து செங்குத்தாகக் கிளம்பிக் கரையைப் பிடிக்க வேண்டும். அதற்கு கிராஸ் ஸ்டாஃப் என்ற செங்கோணம் பார்க்கும் கருவி வேண்டும், இல்லாவிட்டால் 3-4-5 முக்கோணம் போட்டு நேர் பார்க்க வேண்டும். கண்மதிப்பில் போனால் ஐந்து டிகிரி சாய்வது சாதாரணம். நம் நிலத்தில் 100 மீட்டரில் 14 மீட்டர் ஆப்செட் எடுக்கும்போது ஐந்து டிகிரி சாய்ந்தால், கரையில் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் முட்டுவோம். கரை அந்த இடத்தில் சரிந்து போவதால் ஆப்செட் 65 முதல் 83 சென்டிமீட்டர் வரை தவறும். அதை 20-ஆல் பெருக்கினால் 13 முதல் 17 சதுர மீட்டர், ஒரே ஆப்செட்டில்.

வளைவு முறையில் கரையில் உள்ள புள்ளி தெரியும்; கோட்டில் அதற்கு நேரான அடிப்புள்ளியைத்தான் தேடுகிறோம். டேப்பின் பூஜ்யத்தைக் கரைக் குச்சியில் ஒருவர் பிடிக்க, மற்றவர் கோட்டின் மேல் டேப்பை இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தால் எந்த இடத்தில் அளவு மிகக் குறைவோ அதுதான் செங்குத்து. 7, 8 மீட்டர் வரை இது நன்றாக வேலை செய்யும். 18.8 மீட்டர் மாதிரி நீள ஆப்செட்டில் காலை வாரும். கோட்டில் ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலும் டேப்பில் மூன்று சென்டிமீட்டர்கூட வித்தியாசம் தெரியாது. அப்போது வேறு வழி: டேப்பை 20 மீட்டரில் பிடித்து, கோட்டை இந்தப் பக்கம் எங்கே தொடுகிறது, அந்தப் பக்கம் எங்கே தொடுகிறது என்று இரண்டு குறி போடுங்கள். நம் உதாரணத்தில் 85.2-லும் 98.8-லும் தொடும். இரண்டுக்கும் நடு 92.0. அதுதான் அடிப்புள்ளி, அங்கிருந்து குச்சிவரை அளந்தால் ஆப்செட். கருவி எதுவும் வேண்டாம். நடுப்புள்ளி ஒரு மீட்டர் தவறினாலும் அங்கே பரப்பு மூன்று சதுர மீட்டருக்குள்தான் மாறும், ஏனென்றால் கரைப் புள்ளியை நாம் தவறவிடவில்லை.

ஆப்செட் நீளம் 15 மீட்டரைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சங்கிலிக் கோட்டையே கரைக்கு நெருக்கமாக நகர்த்துவது புத்திசாலித்தனம். கோடு சில இடத்தில் கரையைத் தாண்டி ஓடைப் பக்கம் போனாலும் தப்பில்லை. அப்படித் தாண்டும் இடத்தில் ஆப்செட்டுக்கு மைனஸ் குறி போட வேண்டும். ஒரு முனையில் 4, அடுத்ததில் மைனஸ் 2, இடைத்தூரம் 12 என்றால் இரண்டும் சேர்ந்து 2, பாதி 1, பெருக்கினால் 12 சதுர மீட்டர். குறியை மறந்து 4-ம் 2-ம் கூட்டினால் 36 என்று வரும். கோடு கரையை வெட்டும் இடத்தைத் தனியாகக் கண்டுபிடித்து அளக்க வேண்டும் என்று பலர் மெனக்கெடுவார்கள். குறி சரியாக இருந்தால் அந்த அளவே தேவையில்லை.

வளைவு முறையில் கணக்கு நீளம் என்பது ஒரு காலத்தில் நியாயமான குறைதான். ஒன்பது பெருக்கலைக் கையால் போடுவதைவிட ஒரே பெருக்கல் எளிது. இன்றைக்கு அது ஒரு பொருட்டில்லை. எக்செல்லில் A2 முதல் A11 வரை தூரமும் B2 முதல் B11 வரை ஆப்செட்டும் இட்டு இதைப் போட்டால் 1501.2 வந்துவிடும்:

```
=SUMPRODUCT(A3:A11-A2:A10, B3:B11+B2:B10)/2
```

கவனிக்க வேண்டியது ஒன்று: வளைவு முறையில் எடுத்த அளவுகளைச் சம இடைவெளிச் சூத்திரத்திலோ சராசரியிலோ போட்டுவிடக் கூடாது. மேலே உள்ள பத்து ஆப்செட்டையும் சராசரி எடுத்து 120-ஆல் பெருக்கினால் சுமார் 1438, ஒன்றரைச் சென்ட் குறைவு. அளவுகள் நல்ல அளவுகள்தான். கூட்டின விதம்தான் தவறு. சம இடைவெளியில் அளந்தவர்களுக்கும் இதேபோல் ஒரு பொறி உண்டு. கோடு 127 மீட்டர் என்றால் கடைசித் துண்டு 7 மீட்டர். அதையும் 20 என்று நினைத்துப் பெருக்கிவிடுவார்கள். சிம்ப்சன் போடுபவர்கள் அந்தத் துண்டைத் தனியாக எடுத்து எப்படியும் சரிவகம்தான் போட வேண்டும்.

தமிழ்நாட்டுப் புலப்படங்களைப் பார்த்தவர்களுக்கு வளைவு முறை புதிதாக இருக்காது. ஜி-லைன் என்ற அளவுக் கோட்டின் மேல் தூரமும், அதிலிருந்து வரப்புத் திருப்பங்களுக்கு ஆப்செட்டும் எழுதியிருப்பது இதே முறைதான். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதனால் லிங்க்ஸில் அளந்து பரப்புப் போட்டால், ஆயிரத்தால் வகுத்தவுடன் சென்ட் வந்து நிற்கும். மீட்டருக்கு மாறியதில் நாம் இழந்த ஒரே வசதி இதுதான் என்பேன்.

அப்புறம் செல்போன். திறந்த வானத்தின் கீழே நல்ல போன்கூட இருக்கும் இடத்தைச் சுமார் ஐந்து மீட்டர் ஆரத்துக்குள்தான் சொல்கிறது. தென்னந்தோப்பு, ஓடைக்கரை மரநிழல் என்றால் இன்னும் மோசம். எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்தால் பரப்பு மாறாது. ஒரு பக்கம் நகர்ந்து மறு பக்கம் நகராமல் இருந்தால்தான் சிக்கல். 120 மீட்டர் நீளப் பக்கம் ஒரு மீட்டர் வெளியே போனால் 120 சதுர மீட்டர், மூன்று சென்ட். சராசரி முறையின் பிழையைவிட இது அதிகம். இருபது ஏக்கர் தோப்பு எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் போன் போதும். பட்டை 12 மீட்டர் அகலம் இருக்கும்போது ஆகாது. செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு இழுத்து அளப்பதிலும் இதே கதைதான்: ஓடைக்கரை தெரிய வேண்டிய இடத்தில் மரத்தின் தலைதான் தெரியும்.

எந்த முறையில் அளந்தாலும், குச்சி நடுவதற்கு முன் இரு தரப்பும் எது கரை என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் விளிம்பா, மேட்டின் உச்சியா, உழவு முடியும் இடமா? மூன்றுக்கும் நடுவே இரண்டு மீட்டர் வித்தியாசம் இருப்பது சகஜம். 120 மீட்டர் நீளத்துக்கு அது ஆறு சென்ட். ஓடை பெரும்பாலும் புறம்போக்கு. பட்டாவின் எல்லை அளவுக் கல்லில் இருக்கிறது, இந்த வருஷத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பதில் இல்லை. குத்தகைக்கு உழவு முடியும் இடத்தை அளந்தால் போதும். விற்பனைக்கும் உட்பிரிவுக்கும் கல்லைத் தேடிப் பிடித்து, சர்வேயரைக் கொண்டு அளந்து வாங்க வேண்டும். நம் கணக்கு அவர் தரும் எண்ணைச் சரிபார்க்க உதவும்.

சரிபார்ப்பதற்கு நான் செய்வது இது. வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவதற்கு முன், நிலத்திலேயே கிராஃப் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று கோட்டையும் ஆப்செட்டையும் வரைந்து புள்ளிகளை இணைத்துவிடுவேன். 120 மீட்டர் கோடு 24 சென்டிமீட்டர், ஏ4 தாளில் அடங்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரமாக ஒரு நடை. தாளில் நேராகப் போகும் இடத்தில் கால் திரும்பினால் அங்கே ஒரு திருப்பம் விட்டுப்போயிருக்கிறது; தாளில் முள் மாதிரி குத்திக்கொண்டு நிற்கும் இடம் தரையில் இல்லை என்றால் 7-ஐ 17 என்று எழுதியிருக்கிறோம். டேப் இன்னும் கையில்தான் இருக்கும், அந்த ஒரு ஆப்செட்டை மட்டும் திரும்ப எடுத்துவிடலாம்.